விழித்திருக்கும் காவலன்

நுழையும்முன்

ஒரு கணினி ஒழுங்காக இயங்குகிறதா, அதன் இணைப்பு அறுந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் சிறு நிரல்கள் உண்டு. அவற்றை இருவகையாக இயக்கலாம். குறித்த நேரம் வரும்போதெல்லாம் எழுப்பிப் பார்க்கச் சொல்வது ஒரு வகை. கணினி தொடங்கும்போது ஒரே ஒருமுறை எழுப்பிவிட்டு, அதன்பின் ஓயாமல் விழித்திருக்கச் செய்வது மற்றொரு வகை. எந்த வேலைக்கு எது பொருந்தும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே இப்பாடம் ஆராய்கிறது.

இருவகைக் காவல்

யூனிக்ஸ் இயக்க அமைப்பிலும் அதன் வழிவந்த லினக்ஸிலும் 'கிரான்' என்னும் சேவை நிரல் ஒன்று பின்னணியில் எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும். 1979ஆம் ஆண்டு வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இது இடம்பெற்றிருந்தது. இன்று லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள கிரான், பால் விக்ஸி என்பவர் 1987ஆம் ஆண்டு எழுதி வெளியிட்ட வடிவத்தின் வழியில் வந்ததாகும். இச்சேவை நிமிடத்திற்கு ஒருமுறை கண்விழித்துத் தன் அட்டவணையைப் பார்க்கும். அந்த நிமிடத்தில் செய்ய வேண்டிய பணி ஏதேனும் எழுதப்பட்டிருந்தால் அதனைத் தொடங்கிவைக்கும். இல்லையெனில் மீண்டும் உறங்கும். அந்த அட்டவணைக்கு `crontab` என்று பெயர்.

அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் முதலில் ஐந்து இடங்கள் உண்டு. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்பன அவை. ஓர் இடத்தில் உடுக்குறி இட்டால் 'ஒவ்வொன்றும்' என்பது பொருள். எனவே ஐந்து இடங்களிலும் உடுக்குறி இட்ட வரி, ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பணியைச் செய் என்று ஆணையிடுகிறது.

```
* * * * * /home/lab/check.sh
```

ஐந்து இடங்களுக்கு மாற்றாக ஒரே ஒரு சொல்லை எழுதவும் விக்ஸியின் வழிவந்த கிரான் இடமளிக்கிறது. அச்சொல் `@reboot` என்பதாகும்.

```
@reboot /home/lab/linkcheck.sh
```

கணினி தொடங்கி, கிரான் சேவையும் எழுந்தவுடன் இப்பணியை ஒருமுறை தொடங்கு என்பது இதன் பொருள். அதன்பின் அப்பணியைக் கிரான் மறுபடி எழுப்புவதில்லை. எனவே தொடர்ந்து காவல் காக்கும் பொறுப்பு நிரலைச் சார்ந்ததாகிறது. நிரல் தனக்குள்ளே ஒரு முடிவிலா மடக்கை வைத்துக்கொண்டு, பார்ப்பதும் சற்றே ஓய்வதும் மீண்டும் பார்ப்பதுமாக இயங்க வேண்டும்.

முதல் வகையை அட்டவணை முறை என்றும், இரண்டாம் வகையைத் தொடக்க முறை என்றும் இப்பாடத்தில் வழங்கலாம். அட்டவணை முறையில் இயங்கும் நிரல், மணியோசை கேட்கும்போதெல்லாம் வந்து எட்டிப்பார்த்துவிட்டு வீடு திரும்பும் காவலனைப் போன்றது. ஒவ்வொரு முறையும் வருபவன் புதியவன். முன்பு வந்தவன் கண்டது எதுவும் அவனுக்குத் தெரியாது. தொடக்க முறையில் இயங்கும் நிரலோ வாயிலிலேயே அமர்ந்திருக்கும் காவலன். சற்று முன் கண்டது அவன் நினைவில் இருக்கும்.

ஓர் ஆய்வகமும் ஓர் ஐயமும்

ஒரு பள்ளியின் கணினி ஆய்வகத்தில் இணையவழித் தேர்வு நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மாணவர்களின் கணினிகளிலிருந்து வரும் விடைகளை ஆய்வகத்தின் சேவையகம் திரட்டி, திசைவி வழியாக வெளியே அனுப்புகிறது. தேர்வின் நடுவே ஒரு மாணவி, "பத்து மணிக்குப் பிறகு சிறிது நேரம் என் விடைகள் போகவில்லை" என்று முறையிடுகிறார். ஆய்வகப் பொறுப்பாளர் பதிவேட்டைத் திறந்து பார்க்கிறார். நிமிடத்திற்கு ஒருமுறை எழுதப்பட்ட அந்தப் பதிவேட்டில் பத்து மணிக்கும் இணைப்பு நன்று. பத்து மணி ஒரு நிமிடத்திற்கும் இணைப்பு நன்று. பதிவேட்டை நம்பினால் மாணவியின் சொல் பொய்யாகிறது. ஆனால் மாணவி கூறியதே உண்மையாகவும் இருக்கலாம்.

எவ்வாறு எனில், திசைவியையும் சேவையகத்தையும் இணைக்கும் கம்பியின் முனை தளர்ந்து, 10:00:14 முதல் 10:00:52 வரை, அதாவது 38 நொடிகள், இணைப்பு அறுந்திருந்தது என்று கொண்டால் போதும். அட்டவணை முறையில் சோதனை நடந்த நேரங்கள் 10:00:00, 10:01:00 ஆகிய இரண்டே. அறுந்ததும் மீண்டதும் அவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்து முடிந்துவிட்டன. பதிவேடு பொய் சொல்லவில்லை. ஆயினும் அது பார்க்காத நேரத்தைப் பற்றி எதுவும் சொல்லவும் இயலாது. கிரானின் மிகச்சிறிய அலகு ஒரு நிமிடமாதலால், அட்டவணை வரியின் ஐந்து இடங்களை எப்படி மாற்றி எழுதினாலும் இந்த இடைவெளி குறையாது.

இணைப்பைப் பத்து நொடிக்கு ஒருமுறை பார்க்க வேண்டுமெனில் நிரலே தன் நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அத்தகைய நிரல் ஒன்று கீழே தரப்பட்டுள்ளது.

```
#!/bin/sh
LOG=/home/lab/link.log
fails=0
echo "$(date '+%F %T') START" >> $LOG
while true
do
  if ping -c 1 -W 2 192.168.1.1 > /dev/null 2>&1
  then
    if [ $fails -ge 3 ]
    then echo "$(date '+%F %T') UP" >> $LOG
    fi
    fails=0
  else
    fails=$((fails + 1))
    if [ $fails -eq 3 ]
    then echo "$(date '+%F %T') DOWN" >> $LOG
    fi
  fi
  touch /home/lab/link.alive
  sleep 10
done
```

`ping` என்னும் கட்டளை திசைவியின் முகவரிக்கு ஒரு சிறு செய்தியை அனுப்பி மறுமொழிக்குக் காத்திருக்கிறது. `-c 1` என்பது ஒரே ஒரு செய்தி. `-W 2` என்பது இரண்டு நொடிக்குமேல் காத்திருக்க வேண்டா என்னும் வரையறை. மறுமொழி வராவிட்டால் `fails` என்னும் மாறியில் ஒன்று கூடுகிறது. அடுத்தடுத்து மூன்று முறை தவறினால்தான் பதிவேட்டில் `DOWN` என்று எழுதப்படுகிறது. இணைப்பு மீண்டதும் `UP` என்று எழுதி, மாறியின் மதிப்பு சுழியாக்கப்படுகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நிரல் பத்து நொடி ஓய்கிறது.

நொடி நொடியாக

மேற்கண்ட 38 நொடித் தடையை இந்த நிரல் எவ்வாறு காண்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். இணைப்பு நன்றாக இருக்கும்போது மறுமொழி உடனே வந்துவிடுவதால், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழப் பத்து நொடியே ஆகிறது. மறுமொழி வராதபோது இரண்டு நொடிக் காத்திருப்பும் சேர்ந்து பன்னிரண்டு நொடி ஆகிறது.

10:00:00, 10:00:10 ஆகிய நேரங்களில் நடந்த சோதனைகள் வெற்றி பெறுகின்றன. 10:00:14க்கு இணைப்பு அறுகிறது. 10:00:20க்குத் தொடங்கும் சோதனை 10:00:22க்குத் தோல்வியில் முடிகிறது, `fails` ஒன்றாகிறது. அடுத்தது 10:00:32க்குத் தொடங்கி 10:00:34க்கு முடிகிறது, `fails` இரண்டாகிறது. மூன்றாவது 10:00:44க்குத் தொடங்கி 10:00:46க்கு முடிகிறது. அப்போது `DOWN` என்னும் வரி எழுதப்படுகிறது. 10:00:52க்கு இணைப்பு மீள்கிறது. 10:00:56க்கு நடக்கும் சோதனை வெற்றி பெற்று `UP` என்னும் வரி எழுதப்படுகிறது.

```
2025-07-14 10:00:46 DOWN
2025-07-14 10:00:56 UP
```

இவ்வரிகளைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். தடை பத்து நொடி மட்டுமே நீடித்தது என்று இவை கூறவில்லை. `DOWN` என்பது மூன்றாம் தோல்வி முடிந்த நேரம். முதல் தோல்வி அதற்கு 24 நொடிகளுக்கு முன்னரே பதிவாகியிருக்கும். எனவே தடை 10:00:22க்குள் தொடங்கிவிட்டது என்றும், 10:00:46க்குப் பின் பத்து நொடிகளுக்குள் நீங்கியது என்றும் பொறுப்பாளர் கணக்கிட்டுக்கொள்ளலாம். மாணவியின் முறையீட்டுக்கு இப்போது சான்று உண்டு.

இந்தச் சான்றுக்கும் ஓர் எல்லை உண்டு. நிரல் சோதிப்பது சேவையகத்திற்கும் திசைவிக்கும் இடையிலான இணைப்பை மட்டுமே. திசைவிக்கு அப்பால், வெளி இணையத்தில் நேரும் தடை இதில் பதிவாகாது. அதையும் அறிய வேண்டுமாயின் வெளியே உள்ள ஒரு முகவரியையும் தனியே சோதிக்க வேண்டும்.

நினைவின் பயன்

ஒரே ஒரு தோல்வியைக் கண்டவுடன் `DOWN` என்று எழுதாமல் மூன்று வரை எண்ணுவது ஏன் என்னும் வினா எழலாம். வலையமைப்பில் ஒரு செய்தி எப்போதாவது தொலைந்துபோவது இயல்பு. ஒவ்வொரு தொலைவையும் தடை என்று எழுதினால் பதிவேடு பொய்யான எச்சரிக்கைகளால் நிறையும். உண்மையான தடை அவற்றுக்கிடையே மறைந்துபோகும். ஆகவே அடுத்தடுத்த தோல்விகளை எண்ணிப் பார்ப்பதே சரியான முறை. எண்ணுவதற்கோ முந்தைய முடிவை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

தொடக்க முறையில் அந்த நினைவு ஒரு மாறிக்குள் அடங்கிவிடுகிறது. நிரல் முடிவடையாததால் `fails` என்னும் மாறியும் அதன் மதிப்பும் ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குத் தாமாகவே தொடர்கின்றன. அட்டவணை முறையில் ஒவ்வொரு முறையும் நிரல் பிறந்து, பார்த்து, மடிகிறது. அதனோடு மாறியும் மறைகிறது. எண்ணிக்கையைத் தொடர வேண்டுமெனில் அதனை ஒரு கோப்பில் எழுதிவைத்து, அடுத்த முறை படித்துத் தொடர வேண்டும்.

அவ்வாறு செய்யவும் இயலும். ஆனால் அதனால் புதிய சிக்கல்கள் முளைக்கின்றன. கோப்பில் `2` என்று எழுதப்பட்டிருக்கும்போது மின்சாரம் நின்று, ஒரு மணி நேரம் கழித்துக் கணினி மீண்டும் எழுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது நேரும் முதல் தோல்வியே மூன்றாம் தோல்வியாக எண்ணப்படும். நினைவகத்தில் உள்ள மாறிக்கு இந்த இடர் இல்லை. கணினி அணைந்தால் அதுவும் அழிந்து, அடுத்த தொடக்கத்தில் சுழியிலிருந்து எண்ணத் தொடங்கும். இந்த வேலைக்கு வேண்டியதும் அதுவே.

ஒன்றன்மேல் ஒன்றாக

அட்டவணை முறையின் மற்றொரு குறை, சோதனை நீண்டுவிடும்போது வெளிப்படுகிறது. முந்தைய பணி முடிந்ததா என்று கிரான் பார்ப்பதில்லை. நேரம் வந்தால் அடுத்ததைத் தொடங்கிவிடும்.

இணைப்பைச் சோதிப்பதற்கு மாறாக, வேறொரு கணினியில் உள்ள பொதுக் கோப்புறையைத் திறந்து பார்ப்பதே நிரலின் வேலை என்று கொள்ளலாம். அந்தக் கணினி மறுமொழி தராமல் உறைந்துவிட்டால், திறக்க முயன்ற நிரலும் முடிவின்றிக் காத்து நிற்கும். நிமிடத்திற்கு ஒருமுறை புதிய படி ஒன்று எழுந்து, அதுவும் அதே இடத்தில் வந்து நிற்கும். ஒரு மணி நேரத்தில் 60 படிகள். பள்ளி முடிந்து இரவு எட்டு மணி நேரம் கழிந்தால் 480 படிகள். ஒவ்வொன்றும் நினைவகத்தில் சிறிது இடத்தைப் பிடித்துக்கொள்வதால், பழுதைக் கண்டறிய வைத்த நிரலே சேவையகத்திற்குச் சுமையாகிவிடும். `ps` கட்டளையின் வெளியீட்டில் ஒரே நிரலின் பெயர் வரிவரியாகத் தோன்றினால், நேர்ந்தது இதுவே என்று அறியலாம்.

தொடக்க முறையில் இந்தக் குவியல் ஏற்படுவதில்லை. மடக்கின் ஒரு சுற்று முடிந்த பின்னரே அடுத்த சுற்று தொடங்கும். சோதனைக்கு மூன்று நொடி ஆனாலும் மூன்று நிமிடம் ஆனாலும் ஒரு நேரத்தில் ஒரு சோதனையே நடக்கும். எனினும் உறைந்த கோப்புறையின் முன் அந்த ஒரு நிரலும் நின்றுவிடக்கூடும். ஆதலால்தான் மேற்கண்ட நிரலில் `-W 2` என்னும் கால வரையறை தரப்பட்டுள்ளது. தொடக்க முறையில் எழுதப்படும் எந்தச் சோதனைக்கும் இத்தகைய வரையறை இன்றியமையாதது.

மௌனத்தின் இருபொருள்

விழித்திருக்கும் காவலனே வீழ்ந்துவிட்டால் என்ன ஆகும்? தொடக்க முறையின் மிகப் பெரிய குறை இதுதான். நினைவகப் பற்றாக்குறையால் இயக்க அமைப்பு நிரலை நிறுத்திவிடலாம். யாரேனும் தவறுதலாக அதனை முடித்துவிடலாம். `@reboot` வரி கணினியின் அடுத்த தொடக்கத்தில்தான் மீண்டும் வேலை செய்யும். பல மாதங்கள் அணைக்கப்படாமல் இயங்கும் சேவையகத்தில், அந்த மாதங்கள் முழுவதும் காவல் இல்லாமலே கழியக்கூடும். அட்டவணை முறையில் இந்த இடர் இல்லை. ஒருமுறை நிரல் வீழ்ந்தாலும் அடுத்த நிமிடம் புதிய படி எழுந்துவிடும்.

இதில் உள்ள இடர் வெளியே தெரியாதது. பதிவேட்டில் மூன்று நாளாக எந்த வரியும் இல்லை என்றால், தடையே நேரவில்லை என்றும் பொருள்கொள்ளலாம். பார்ப்பவரே இல்லை என்றும் பொருள்கொள்ளலாம். இந்த ஐயத்தைத் தீர்ப்பதற்கே ஒவ்வொரு சுற்றிலும் `touch` என்னும் கட்டளை இடம்பெற்றுள்ளது. அது `link.alive` என்னும் கோப்பின் நேரத்தை அந்தக் கணத்திற்கு மாற்றிவிடும். `ls -l --time-style=full-iso` என்று கொடுத்துப் பார்க்கும்போது அந்த நேரம் கடந்த பன்னிரண்டு நொடிகளுக்குள் இருந்தால் நிரல் உயிரோடு உள்ளது. மூன்று நாளுக்கு முந்தைய நேரமாக இருந்தால், பதிவேட்டின் மௌனத்தை நற்செய்தியாகக் கொள்ளக்கூடாது.

வீழ்ந்த நிரலை மீண்டும் எழுப்புவதற்கு இரு முறைகளையும் இணைத்துக்கொள்ளலாம். கீழ்க்காணும் வரியை `@reboot` வரிக்கு மாற்றாக எழுத வேண்டும்.

```
* * * * * flock -n /home/lab/link.lock /home/lab/linkcheck.sh
```

`flock` என்பது ஒரு கோப்பின்மீது பூட்டு இடும் கட்டளை. நிரல் இயங்கும் வரை அந்தப் பூட்டு நீங்காது. நிமிடந்தோறும் கிரான் நிரலை எழுப்ப முயலும். பூட்டு இருந்தால், `-n` என்னும் குறியால் காத்திராமல் உடனே திரும்பிவிடும். நிரல் வீழ்ந்து பூட்டு விடுபட்டிருந்தால் மட்டும் புதிய படி எழும். எண்ணிக்கையை நினைவில் வைத்துக் காப்பது ஒரே நிரல்; அது இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே அட்டவணையின் வேலை. நிரலின் முதல் வேலை `START` என்று எழுதுவது என்பதால், கணினி தொடங்காத நேரத்தில் பதிவேட்டில் அச்சொல் காணப்பட்டால், காவலன் இடையில் ஒருமுறை வீழ்ந்து எழுந்தான் என்பதும் புலனாகும். லினக்ஸின் புதிய பதிப்புகளில் இதே பணியைச் சிஸ்டம்டி என்னும் அமைப்பிடம் ஒப்படைக்கலாம். அதன் சேவைக் கோப்பில் `Restart=always` என்று எழுதினால், வீழ்ந்த நிரலை அதுவே எழுப்பிவிடும்.

தொடக்கத்தில் கவனிக்க வேண்டுவன

`@reboot` என்று எழுதும்போது இரண்டு செய்திகளில் தொடக்கநிலையினர் இடறுவதுண்டு.

முதலாவது, அட்டவணையில் வரியைச் சேர்த்தவுடன் நிரல் இயங்கத் தொடங்கிவிடும் என்று எண்ணுவது. வரி எழுதப்பட்டபோது கணினியின் தொடக்கம் முன்னரே கடந்துவிட்டது. எனவே அன்றைய நாளுக்கு நிரலைக் கையாலேயே தொடங்கிவைக்க வேண்டும். நிரலில் திருத்தம் செய்தால், ஓடிக்கொண்டிருக்கும் பழைய படியை நிறுத்திவிட்டுப் புதியதைத் தொடங்க வேண்டும். அட்டவணை முறையில் அடுத்த நிமிடமே திருத்தம் நடைமுறைக்கு வந்துவிடும் என்பதால் இத்தொல்லை இல்லை.

இரண்டாவது, தொடக்கம் என்றால் எல்லாம் ஆயத்தமான நிலை என்று எண்ணுவது. கிரான் சேவை எழுந்த கணத்தையே `@reboot` தொடக்கமாகக் கொள்கிறது. அப்போது வலையமைப்பு இன்னும் ஆயத்தமாகாமல் இருக்கலாம். அந்நிலையில் முதல் சில சோதனைகள் தோற்று, இல்லாத தடையைப் பதிவேடு அறிவிக்கும். `START` என்னும் வரியை அடுத்து ஒரு நிமிடத்திற்குள் `DOWN`, `UP` ஆகியவை ஒவ்வொரு தொடக்கத்திலும் தவறாமல் வருமாயின் காரணம் இதுவே. நிரலைச் சற்றுத் தாமதித்துத் தொடங்கினால் இது நீங்கும்.

```
@reboot sleep 60 && /home/lab/linkcheck.sh
```

எதனை எப்போது தேர்வது?

எல்லாச் சோதனைகளுக்கும் தொடக்க முறையே சிறந்தது என்று முடிவுசெய்துவிடக் கூடாது. வட்டில் எஞ்சியுள்ள இடத்தை நாள்தோறும் காலை ஆறு மணிக்குப் பார்க்கும் பணியை எண்ணிப் பார்க்கலாம். அதற்கு நொடிக்கணக்கில் விரைவு வேண்டியதில்லை. நேற்றைய முடிவை நினைவில் வைக்கவும் தேவையில்லை. சோதனையோ ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அதற்காக ஒரு நிரலை நாள் முழுவதும் விழிக்க வைப்பது வீண். அப்பணிக்கு அட்டவணையின் ஒரு வரியே போதுமானது. நிரல் ஒருநாள் தவறினாலும் மறுநாள் தானே எழுந்து பார்க்கும்.

ஆய்வக இணைப்பின் நிலை வேறு. அங்கு ஒரு நிமிடத்திற்குள் வந்து மறையும் தடையைக் காண வேண்டும். அடுத்தடுத்த தோல்விகளை எண்ண வேண்டும். ஒரு சோதனையின்மேல் மற்றொன்று ஏறாதிருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்றேனும் தேவைப்படும் இடத்தில் தொடக்க முறை பொருந்துகிறது. அதனைத் தேர்ந்தவர், சோதனைக்குக் கால வரையறையும், உயிர்ப்பைக் காட்டும் அடையாளமும், வீழ்ந்தால் எழுப்பும் வழியும் உடன் அமைத்துக்கொள்ள வேண்டும். அவை அமைந்த பதிவேட்டில் 10:00:46 என்னும் ஒரு வரி, மாணவியின் சொல்லுக்குச் சான்றாக நிற்கும். வரி இல்லாத மற்ற நேரத்திலும், காவலன் விழித்திருந்து கண்டதே அந்த மௌனம் என்று கொள்ள முடியும்.

கற்றவை கற்றபின்

1. `@reboot` என்னும் சொல் கிரான் சேவைக்கு இடும் ஆணை யாது?
2. பதிவேட்டின் மௌனம் இருபொருள் தருவது எவ்வாறு? அந்த ஐயத்தை நீக்கும் வழியை எழுதுக.
3. தோல்விகளின் எண்ணிக்கையைக் கோப்பில் எழுதிவைப்பதால் நேரும் சிக்கலை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.
4. பிற்பகல் 2:15:07 முதல் 2:15:48 வரை இணைப்பு அறுந்திருந்தது. பாடத்தில் உள்ள நிரலின் வெற்றி பெற்ற சோதனை ஒன்று 2:15:05க்கு நடந்தது எனில், `DOWN`, `UP` ஆகியவை எந்த நேரங்களில் எழுதப்படும்? நிமிடந்தோறும் இயங்கும் அட்டவணை முறையில் என்ன பதிவாகும்? கணக்கிட்டு எழுதுக.
5. உங்கள் பள்ளிக் கணினியில் கண்காணிக்க வேண்டிய இரு செயல்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற முறை எது என்பதைக் காரணத்துடன் வகுப்பில் உரையாடுக.